லைட்டுக்குக் காது இல்ல, புள்ளைக்கு இருக்கு

*அக்கா, நான் பினாங்கு, வயசு 38, பாயான் லெப்பாஸ்ல ஒரு பேக்டரில வேலை. டிராபிக் லைட், ஆபிஸ் கம்ப்யூட்டர், ஏடிஎம்னு எது லேட் பண்ணாலும் வாயில கெட்ட வார்த்தை வந்துருது. மனுசங்கள ஒரு நாளும் திட்டுனதில்ல. திட்டி முடிச்சா நெஞ்சு லேசாகுது. காலையில கிரீன் லேன் லைட்டுல நான் ஆரம்பிச்சாலே பின்னாடி உக்காந்திருக்குற என் மக, ஏழு வயசு, தானா கண்ணாடிய ஏத்திருவா. வீட்டுக்காரி இது வியாதிங்கறா. மெஷினத் திட்டுறதுல என்னக்கா தப்பு?*

தம்பி, ஏடிஎம்மயும் கம்ப்யூட்டரையும் ஓரமா வைங்க, அந்தக் கண்ணாடிக்கு வாங்க. ஏழு வயசுப் புள்ள எதுக்கு அத ஏத்துறா? பக்கத்துல நிக்கற மோட்டர்காரங்க காதுல அப்பா பேசுறது விழக்கூடாதுன்னுதான். ஒங்களுக்கு வரவேண்டிய வெக்கத்த அவ சொமந்துக்கிட்டு ஸ்கூலுக்குப் போறா. கண்ணாடி ஏறுனா சத்தம் வெளிய போகாது, சரி, ஆனா உள்ள அவளோடயே நிக்குமே, அத யோசிச்சீங்களா? மனுசங்கள திட்டுனதில்லன்னு எழுதுறீங்க, காடிக்குள்ள அத்தனையும் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்குறது யாரு?

எங்கப்பா தண்ணி பம்ப திட்டுவாரு. தங்கமான மனுசன், எங்க மேல கை வச்சதே இல்ல, ஆனா அந்தப் பம்ப் நின்னா வாய் தொறந்துரும். இன்னிக்கும் எங்கயாவது பம்ப் தெணறுற சத்தம் கேட்டா எனக்கு வயிறு இறுகும், அவரு போயி இருவது வருசம் ஆச்சு.

நெஞ்சு லேசாகுதுன்னு சொன்னத நான் பொய்யின்னு சொல்லல. இங்கிலாந்துல கீல் யூனிவர்சிட்டில ரிச்சர்ட் ஸ்டீபன்ஸ்னு ஒருத்தரும் கூட இருக்கவங்களும் 2009ல இத சோதிச்சுப் பாத்தாங்க. ஐஸ் மாதிரி தண்ணியில கைய வைக்கச் சொல்லி, ஒரு தடவை கெட்ட வார்த்தைய சொல்லிக்கிட்டே, இன்னொரு தடவை ஒரு மேசைய விவரிக்கிற மாதிரி சாதாரண வார்த்தைய சொல்லிக்கிட்டே தாங்கச் சொன்னாங்க. கெட்ட வார்த்தை சொன்னப்ப கை இன்னும் ரொம்ப நேரம் உள்ள இருந்துச்சு, நெஞ்சுத் துடிப்பும் ஏறிருச்சு. கால் வெரல் கட்டில் கால்ல இடிச்சா ஒரு வார்த்தை வருதே, அது நெஜமாவே வலியக் கொறைக்குது. ஆனா 2011ல அவங்களே இன்னொன்னும் கண்டுபிடிச்சாங்க, தெனமும் நெறைய திட்டுறவங்களுக்கு இந்தப் பலன் கொறைஞ்சு போகுது. நீங்க காலையிலேர்ந்து லைட்டுக்கும் மெஷினுக்கும் எறைச்சுட்டா, நாளைக்கு நெஜமா அடிபட்டு வலிக்கிறப்ப ஒங்க வாயில மிச்சம் என்ன இருக்கும்?

அதுவும் வலி வேற, காத்திருக்குறது வேற. வலி வர்றப்ப ஒடம்பு மொறுக்கிக்கிட்டு நிக்கணும், துடிப்பு ஏறுறது அங்க ஒதவும். செவப்பு லைட்டுல ஒண்ணும் செய்ய முடியாது, ஏறுன துடிப்ப எறக்க எடம் இல்ல, அதத் தூக்கிக்கிட்டுத்தான் அடுத்த லைட்டுக்குப் போறீங்க. அமெரிக்காவுல பிராட் புஷ்மன்னு ஒருத்தர் 2002ல வெளியிட்ட ஆராய்ச்சியில, கோவம் மூட்டி விட்ட ஆளுங்கள பஞ்ச் பேக்க குத்த விட்டாரு. கோவப்படுத்துனவன நெனச்சுக்கிட்டே குத்துனவங்களுக்குக் கோவம் கூடிருச்சு, சும்மா உக்காந்திருந்தவங்கதான் அமைதியா இருந்தாங்க. கொட்டுனா தீரும்னு ஊரே சொல்லுது, தீர்றதில்ல. ஒங்களுக்கு லேசாகுறது கத்தி முடிச்ச மூச்சு வெளிய போறதாலன்னுதான் நான் நெனைக்கிறேன், மூச்சு விட வார்த்தை வேணாம்.

ஒங்களயே சோதிச்சுக்கங்க. லைட் பச்சையானதும் வாய் நின்னுச்சுன்னா அது லைட்டு மேல உள்ள கோவம். பச்சைக்கு அப்புறமும் ஓடுதுன்னா, அந்தக் கோவத்துக்கு ஒரு ஆளு இருக்காங்க, சூப்பர்வைசரோ அண்ணனோ, எதுத்துப் பேச முடியாத ஆளு, அவங்களுக்குச் சொல்ல வேண்டியத லைட்டுகிட்ட சொல்றீங்க. வீட்டுக்காரிகிட்ட முதல்ல அத ஒக்காந்து பேசுங்க, அவங்க வியாதின்னு சொல்றதே பயத்துலதான்.

ஆபிஸ் கம்ப்யூட்டர் தொறக்க நாலு நிமிசம் ஆச்சுன்னா தட்டி விட்டுட்டு காப்பி கலக்கப் போங்க, முன்னாடி நிக்காதீங்க. ரொம்ப ஏறிருச்சுன்னா ஒரு தாள்ல எழுதுங்க, எழுதிக் கசக்கித் தொட்டியில போடுங்க. ஜப்பான்ல நகோயா யூனிவர்சிட்டில 2024ல பாத்திருக்காங்க, எழுதித் தூக்கிப் போட்டவங்களுக்குக் கோவம் நல்லாவே எறங்கிருச்சு, எழுதி வச்சுக்கிட்டவங்களுக்கு அந்தளவு எறங்கல.

காடில மக இருக்குறப்ப ஒரு வார்த்தை கூட வரக்கூடாது தம்பி, இதுல பேரம் கெடையாது, அப்பன்னு ஆனதுக்கப்புறம் வாய் பாதி அவளுக்குச் சொந்தம். நாளைக்குக் காலையில அந்த லைட்டுல நின்னதும் அவ பக்கத்துக் கண்ணாடிய நீங்களே எறக்கி விட்டுட்டு, மெதுவா ஒரு நீள மூச்சு விடுங்க. அப்பவும் அவ கை அந்த பட்டன்கிட்ட போகுதான்னு பாத்துட்டு எனக்கு எழுதுங்க.