எடுக்கச் சொன்ன பணம் மூன்று நாள் ஏன் காத்திருக்கிறது?

கேள்வி: சார், லண்டனில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன். போன வெள்ளி இரவு ஆன்லைன் ஸ்லாட் சூதாட்டத்தில் 1,450 பவுண்ட் வந்தது. உடனே முழுவதையும் வித்ட்ரா போட்டேன். 72 மணி நேரம் பெண்டிங் என்று காட்டியது. சனிக்கிழமை அதிலிருந்து 100 கேன்சல் பண்ணி ஆடினேன். அப்புறம் 250. ஞாயிறு இரவு 500. எல்லாம் போய்விட்டது. இப்போது 600 மட்டும் பெண்டிங்கில் நிற்கிறது. 1ஆம் தேதி வாடகை கட்ட வேண்டும். எடுக்கச் சொன்ன பிறகும் எதற்கு அந்த கேன்சல் பட்டனை வைக்கிறார்கள்? இங்கே அது சட்டப்படி கூடாது என்கிறான் நண்பன். சூதாட்டத் தளங்கள் நம்மை உள்ளே விடாதபடி நாமே பதிந்துகொள்ளும் கேம்ஸ்டாப்பில் போன வருடமே பதிந்துவிட்டேன். இந்தத் தளம் அதில் வராது. போன 850ஐத் திரும்பக் கேட்க முடியுமா?
- பெயர் வேண்டாம், லண்டன்

பதில்: காரணங்களை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்த 600ஐ வெளியே எடுத்துவிடுங்கள்.

தளத்தின் பணப் பக்கத்துக்குப் போய், 600க்கு எதிரே இருக்கும் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். வெள்ளிக்கிழமை என்று இருந்தால் நல்லது. ஞாயிறு என்று இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கொஞ்சத்தை மட்டும் கேன்சல் செய்தாலும் சில தளங்கள் பழைய விண்ணப்பத்தை மூடிவிட்டு, மீதிக்குப் புது விண்ணப்பமாகப் பதிகின்றன. 72 மணி நேரமும் அங்கிருந்து மறுபடி ஓடத் தொடங்கும். அந்தப் பக்கத்தை, விண்ணப்ப எண் தெரிகிற மாதிரி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அடுத்து லைவ் சாட்டில், இந்த வித்ட்ராயலை நான் கேன்சல் செய்ய முடியாதபடி லாக் செய்யுங்கள் என்று கேளுங்கள். ஃப்ளஷ் என்றும் சொல்வார்கள். பல தளங்களில் இந்த வசதி உண்டு. திரையில் தெரியாது, கேட்டால்தான் செய்வார்கள். பாஸ்போர்ட், முகவரிச் சான்று, பணம் போக வேண்டிய வங்கிக் கணக்கின் விவரம் மூன்றையும் அவர்கள் கேட்கும் முன்பே அனுப்பிவிடுங்கள். இரண்டாம் நாள் ஒரு ஆவணம், நான்காம் நாள் இன்னொன்று என்று கேட்டு இழுப்பது வாடிக்கை. இத்தனையும் முடிந்ததும், வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் போனைக் கொடுத்து, கணக்கின் பாஸ்வேர்டையும் மீட்பு மின்னஞ்சலையும் மாற்றச் சொல்லுங்கள். பணம் வங்கிக்கு வரும்வரை புது பாஸ்வேர்ட் அவரிடமே இருக்கட்டும். இடையில், வித்ட்ராயலை ரத்து செய்தால் போனஸ் என்று மெயில் வரும். திறக்காதீர்கள்.

சரி, உங்கள் முதல் கேள்வி. கேட்டால் அவர்கள் சொல்லும் காரணம், பரிசோதனைக்கு நேரம் வேண்டும் என்பது. ஆளை உறுதிசெய்வது, கறுப்புப் பணமா என்று பார்ப்பது எல்லாம் உண்மையான வேலைகள்தான். ஆனால் அந்த வேலை நடக்கும்போது பணம் பூட்டியே இருக்கலாமே! ஆவணம் பார்ப்பதற்கும் உங்கள் முன்னால் கேன்சல் பட்டன் மின்னுவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 72 மணி நேரம் வங்கியின் தாமதமும் அல்ல. இங்கே ஃபாஸ்டர் பேமென்ட்ஸ் வழியாகப் போகும் பணம் பெரும்பாலும் நிமிடங்களில் சேர்ந்துவிடுகிறது. தொகையைத் தப்பாகப் போட்டுவிட்டால் திருத்திக்கொள்ள ஒரு வசதி என்றும் சொல்வார்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதாதா?

பட்டனுக்கான காரணம் கணக்கில் இருக்கிறது. 96 சதவீதம் திருப்பித் தரும் ஸ்லாட் என்றால், பந்தயம் கட்டும் ஒவ்வொரு 100 பவுண்டிலும் சராசரியாக 4 பவுண்ட் தளத்துக்குத் தங்கும். இங்கே பலர் ஏமாறுவது, 100 போட்டால் 96 மிஞ்சும் என்று நினைப்பதில். அந்த 96ஐ மறுபடி போடுகிறோம், அதிலும் 4 சதவீதம் போகிறது, மறுபடியும் போடுகிறோம். சுற்றுக்கு 2 பவுண்ட், நிமிடத்துக்கு 10 சுற்று என்று ஆடினால் ஒரு மணி நேரத்தில் 1,200 பவுண்ட் பந்தயம் ஓடியிருக்கும். தளத்தின் சராசரிப் பங்கு 48. இதையே 10 பவுண்ட் சுற்றாக ஆடினால் மணிக்கு 240. அது சராசரிதான். உங்கள் ஞாயிற்றுக்கிழமை 500 என்பது 10 பவுண்ட் வீதம் வெறும் 50 சுற்று. ஒரு மோசமான ஓட்டத்தில் அது பத்து நிமிடத்துக்குக்கூடத் தாங்காது.

இப்போது தளத்தின் பக்கம் இருந்து பாருங்கள். வெள்ளி இரவே 1,450 உங்கள் வங்கிக்குப் போயிருந்தால், அந்தப் பணத்தில் அவர்களுக்கு இனி ஒரு பைசா கிடையாது. பெண்டிங்கில் இருக்கும்வரை அது மறுபடி சுழலக்கூடிய பணம். சனிக்கிழமை எடுத்த 100இல் நீங்கள் 400 ஜெயித்திருந்தாலும் அவர்களுக்கு நஷ்டமில்லை. அந்த 400ஐ எடுக்கப் போனால் அதுவும் 72 மணி நேரம் காத்திருக்கும், பக்கத்திலேயே கேன்சல் பட்டனுடன். அதாவது ஜெயித்த பணம் வெளியேற, நீங்கள் மூன்று நாளும் ஒவ்வொரு மணி நேரமும் 'வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அவர்களுக்கு நீங்கள் ஒரே ஒரு தடவை, ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு, 'சரி' என்றால் போதும். காத்திருப்பு நேரத்தில் வார இறுதி விழுவதும் அவர்களுக்குச் சாதகம். சம்பளம் வந்து, வேலை இல்லாமல், கையில் போனோடு இருக்கும் நேரம் அது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு, பலர் கவனிப்பதில்லை. புதிதாக 500 பவுண்ட் போட வேண்டுமென்றால் கார்டை எடுக்க வேண்டும், வங்கி ஆப்பில் ஒப்புதல் தர வேண்டும், நீங்கள் வைத்த டெபாசிட் வரம்பைத் தாண்டக் கூடாது. நடுவில் இரண்டு மூன்று இடத்தில் கை நிற்கும். கேன்சல் செய்யும்போது பணம் தளத்தை விட்டே போகவில்லை என்பதால் இது எதுவும் குறுக்கே வராது. பொதுவாக அது டெபாசிட்டாகவே கணக்கில் சேராது. வங்கியில் சூதாட்டத் தடையைப் போட்டிருந்தாலும் வங்கிக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் உங்களுக்கே போட்ட வேலிகளை எல்லாம் அந்த ஒரு பட்டன் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது.

உங்கள் நண்பர் சொன்னது சரி. 2020 மே மாதம், ஊரடங்கின்போது, பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் வித்ட்ராயலைத் திருப்பும் வசதியை நிறுத்தும்படி தளங்களிடம் சொன்னது. 2021 அக்டோபர் 31 முதல் அதை நிரந்தர விதியாக்கிவிட்டது. எடுக்கச் சொன்ன பிறகு ரத்து செய்யும் வாய்ப்பையே வாடிக்கையாளருக்குத் தரக் கூடாது. அதே நாளில்தான் ஸ்லாட்டில் தானாகச் சுற்றும் வசதியும் போனது, ஒரு சுற்றுக்குக் குறைந்தது 2.5 வினாடி என்ற விதியும் வந்தது. அதற்குப் பிறகும் இங்கே உரிமம் பெற்ற தளங்கள் எல்லாப் பரிசோதனையும் செய்துகொண்டுதான் பணம் தருகின்றன. பரிசோதனைக்குப் பட்டன் தேவையில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆக உங்கள் தளத்தில் அந்தப் பட்டன் இருக்கிறது, கேம்ஸ்டாப்பிலும் அது வராது என்றால், அதற்கு இங்கே உரிமம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆணையத்தின் இணையதளத்தில் பொதுப் பதிவேடு இருக்கிறது, பெயரைப் போட்டுப் பாருங்கள். பக்கத்தின் அடியில் குராசோவ் போன்ற ஏதாவது தீவின் பெயர் மட்டும் இருக்கும்.

அதனால்தான் 850 பற்றி நல்ல செய்தி சொல்ல முடியவில்லை. உரிமம் பெற்ற தளம் இதைச் செய்திருந்தால் கதை வேறு. முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார், எட்டு வாரத்தில் தீராவிட்டால் அவர்கள் சேர்ந்திருக்கும் சமரச அமைப்பு. விதியை மீறினார்கள் என்று நீங்கள் அங்கே வாதாடலாம். உரிமமில்லாத தளத்துக்கு அந்தப் பாதையே கிடையாது. கார்டில் போன பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி வங்கியில் சார்ஜ்பேக் கேட்டாலும் நிற்காது. கார்டில் போனது உங்கள் பழைய டெபாசிட்தான், அதை நீங்களே ஒப்புதல் தந்து போட்டீர்கள். இந்த 850 வங்கி வழியாகவே போகவில்லை. ஆணையத்துக்குத் தகவல் கொடுங்கள், தளத்தின் மீது நடவடிக்கைக்கு அது உதவும். பணம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். 'சூதாட்டப் பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று வருபவர்களிடம் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். அது இரண்டாவது நஷ்டம்.

600 வந்து சேர்ந்ததும் அந்தக் கணக்கை மூடச் சொல்லி எழுதுங்கள். வங்கி ஆப்பில் சூதாட்டத் தடையைப் போடுங்கள். அது வணிகக் குறியீட்டைப் பார்த்துத் தடுப்பது. இப்படிப்பட்ட தளங்கள் சிலவேளை வேறு வணிகம் போல வேஷம் போட்டுப் பணம் வாங்கும். உங்கள் ஸ்டேட்மெண்டைத் திறந்து, இந்தத் தளத்துக்குப் போன பணம் எந்தப் பெயரில் போயிருக்கிறது என்று பாருங்கள். சம்பந்தமே இல்லாத ஒரு கடைப் பெயர் இருந்தால் தடை அதைப் பிடிக்காமல் போகலாம். அப்போது வங்கியைக் கூப்பிட்டு அந்தப் பெயருக்குப் போகும் பணத்தை நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். தளங்களையே திறக்கவிடாத கேம்பன் என்ற செயலியைப் போனில் நிறுவுங்கள். கேம்ஸ்டாப்பில் வராத வெளிநாட்டுத் தளங்களையும் அது தடுக்கும்.

கேம்ஸ்டாப்பில் பதிந்த பிறகும் அதற்கு வெளியே ஒரு தளத்தைத் தேடிப் போயிருக்கிறீர்கள். அந்த இடத்தில் பண ஆலோசகர் மட்டும் போதாது. தேசிய சூதாட்ட உதவி எண் 0808 8020 133. இலவசம், 24 மணி நேரமும் உண்டு.

வாடகைக்கு: 600 வந்தவுடன், அதே நாளில், வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள், 1ஆம் தேதி வரை கையில் வைத்திருக்க வேண்டாம். குறைகிற தொகையை எந்தத் தேதியில் தருவீர்கள் என்று 1ஆம் தேதிக்கு முன்பே எழுத்தில் சொல்லுங்கள். வேறு கடனும் இருந்தால் ஸ்டெப்சேஞ்ச் அமைப்பில் இலவசமாகப் பட்ஜெட் போட்டுத் தருவார்கள். அடுத்த மாதத்திலிருந்து வாடகையை, சம்பளம் விழும் அதே நாளில் போகிற மாதிரி ஸ்டாண்டிங் ஆர்டராக மாற்றி வையுங்கள்.