வாடகையா, சொந்த வீடா: எந்த செலவை எந்தப் பக்கம் எழுதுவது?

“வாடகையா, சொந்த வீடா என்று இன்ஸ்டாவில் ஸ்லைடு போடுகிறேன். எந்தப் பக்கமும் சாயாமல் செலவை எப்படிக் காட்டுவது?”

வாடகையையும் இஎம்ஐயையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள், பெரும்பாலான ஸ்லைடுகள் சறுக்குவது அங்கேதான். இஎம்ஐயில் ஒரு பகுதி அசல், அது உங்கள் வீட்டுக்குள்ளேயே போகிறது. திரும்பி வராத பணத்தை மட்டும் இரண்டு பக்கமும் எழுதுங்கள்.

சென்னையில் 60 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட், அதே ஃபிளாட்டின் வாடகை 18,000 என்று வைப்போம். 48 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருடம் என்றால் இஎம்ஐ சுமார் 41,650. முதல் மாதம் அதில் 34,000 வட்டி. முத்திரைத்தாள், பதிவு சேர்த்து 9%, அதாவது 5.4 லட்சம். அதையும் கைப்பணம் 12 லட்சத்தையும் 7% எஃப்டியில் போட்டிருந்தால் மாதம் பத்தாயிரம் வந்திருக்கும், அதுவும் வாங்குபவரின் செலவுதான் (இதை யாரும் எழுதுவதில்லை).

வாடகைப் பக்கத்தில் அட்வான்ஸ் வட்டியில்லாமல் முடங்குவதை எழுதுங்கள், அப்புறம் வீடு மாற்றும் செலவு. வாடகை வருடம் 5% ஏறினால் பத்து வருடத்தில் 29,000 தாண்டும், வட்டியோ அப்போது 24,000 பக்கம் இறங்கியிருக்கும். வீட்டு விலை ஏற்றத்தை மட்டும் தனி ஸ்லைடில், 0%, 4%, 7% என்று மூன்று கணக்காகப் போடுங்கள்.