PID: செட்பாயிண்ட் மாற்றியதும் ஹீட்டர் ஏன் துள்ளுகிறது?

"தண்ணீர்த் தாங்கியை 60 பாகையிலிருந்து 70க்கு மாற்றினால் ஹீட்டர் ஒரு கணம் 100%க்குப் பாய்கிறது. ஏன்?"

PID கட்டுப்படுத்தியில் பி, ஐ, டி என மூன்று பகுதிகள். செட்பாயிண்டுக்கும் அளந்த வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசமே பிழை; டி பகுதி அந்தப் பிழை மாறும் வேகத்தைப் பார்க்கிறது. 0.1 வினாடியில் பிழை 10 பாகை கூடினால் வேகம் 100. டியின் பெருக்கி Kd 20 என்றால் 2000%! தண்ணீர் இன்னும் அசையவே இல்லை. ஆகவே பிழையை விட்டுவிட்டு, அளந்த வெப்பநிலையை மட்டும் வகையிடுங்கள்.

அப்புறம் இரைச்சல். புறக்கோட்டையில் வாங்கிய மலிவு சென்சர் 0.1 பாகை ஆடினாலே வெளியீடு 20% குதிக்கும். 1 வினாடி வடிகட்டி போட்டால் அது 2%க்குள் அடங்கும். வடிகட்டியை மிகவும் மெதுவாக்கினால் டி இருந்தும் பயனில்லை.

பி பகுதியும் துள்ளும்:

```
P = Kp*(b*r - y)
```

இங்கே r செட்பாயிண்ட், y அளந்த வெப்பநிலை, Kp பியின் பெருக்கி, b என்பது செட்பாயிண்டுக்குத் தரும் எடை. Kp 4, b 1 என்றால் 40% துள்ளல், b 0.5 என்றால் 20%. ஐ பகுதி முழுப் பிழையையே கூட்டுவதால் 70ஐத் தொடும், சற்றே மெதுவாக.