ப்ளூஸ், ராக் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கேள்வி ஞானத்தால் கர்நாடக சங்கீதம் ஓரளவு அறிந்தவன் நான். கல்லூரியில் படிக்கும் என் மகள் எப்போதும் ராக் இசை கேட்கிறாள். கூட அமர்ந்து கேட்டால் எனக்கு இரைச்சல்தான் காதில் விழுகிறது. எல்விஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், லெட் ஸெப்பலின், நிர்வாணா எல்லாமே ராக் என்கிறாள், எல்லாமே ப்ளூஸிலிருந்து வந்தவை என்றும் சொல்கிறாள். இவற்றுக்குள் எந்த ஒற்றுமையும் எனக்குத் தெரியவில்லை. எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது? காலந்தோறும் என்னதான் மாறியது?

கா., திண்டுக்கல்

அன்புள்ள கா.,

ஒரே பாட்டின் இரண்டு ஒலிப்பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். முதலாவது, ராபர்ட் ஜான்சன் 1936 நவம்பரில் டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரத்து விடுதி அறை ஒன்றில் தனியாகப் பாடிய ‘கிராஸ் ரோட் ப்ளூஸ்’. இரண்டாவது, இங்கிலாந்தைச் சேர்ந்த க்ரீம் குழு 1968 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோ மேடையில் வாசித்த ‘கிராஸ்ரோட்ஸ்’. முதலாவதில் ஒரு குரலும் ஒரு கிதாரும் மட்டுமே உண்டு. இரண்டாவதில் எரிக் கிளாப்டனின் மின்கிதார், ஜாக் புரூஸின் பேஸ் கிதார், ஜிஞ்சர் பேக்கரின் டிரம்ஸ் ஆகிய மூன்றும் முழு ஓசையில் இருக்கின்றன. இரண்டுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான், அதைக் காதில் பிடித்துவிட்டால் உங்கள் மகள் சொல்வதில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

அந்த எலும்புக்கூட்டைப் பன்னிரண்டு பார் ப்ளூஸ் என்பார்கள். ஒரு பார் என்பது நான்கு தட்டுகள் கொண்டது. பாடகர் ஒரு வரியைப் பாடுகிறார், அதே வரியைத் திரும்பப் பாடுகிறார், பிறகு அதற்கு விடைபோல மூன்றாவது வரியைப் பாடுகிறார். வரி ஒன்றுக்கு நான்கு பார் இடம் உண்டு என்றாலும் குரல் அதில் பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறது, மீதியில் கிதார் பதில் சொல்கிறது. அடியில் ஒலிக்கும் கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, முதல் நான்கு பாருக்கு ஷட்ஜத்தின்மேல் நிற்கும். ஐந்து, ஆறில் சுத்த மத்யமத்துக்கு நகர்ந்து, ஏழு, எட்டில் ஷட்ஜத்துக்குத் திரும்பும். ஒன்பதில் பஞ்சமம், பத்தில் மத்யமம், கடைசி இரண்டில் மீண்டும் ஷட்ஜம். சில பாட்டுகளில் இரண்டாவது பாரிலேயே ஒருமுறை மத்யமத்தைத் தொட்டுவிட்டு வருவதுண்டு, க்ரீமின் பதிவு அப்படிப்பட்டது. இந்தச் சுற்று முடிந்தவுடன் அதே சுற்று மறுபடி தொடங்கும். ஒன்பதாவது பாரில் மூன்றாவது வரி வந்து விழுவதைக் காது எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டால் நீங்கள் உள்ளே நுழைந்துவிட்டீர்கள் என்று பொருள். பாடகரின் காந்தாரம் சாதாரணமும் அல்லாமல் அந்தரமும் அல்லாமல் இடையில் வளைவதும் கேட்கும். கமகத்துக்குப் பழகிய உங்கள் காதுக்கு அது ஒன்றும் அந்நியமாக இருக்காது.

ஆனால் ஜான்சனின் பதிவில் பார்களை எண்ணினால் கணக்கு உதைக்கும். குரல் நீள விரும்பும் இடத்தில் அவர் தட்டுகளைக் கூட்டுகிறார், அவசரப்படும் இடத்தில் குறைக்கிறார். மிசிசிப்பி டெல்டாவின் தனிப் பாடகர்கள் பலரும் இப்படித்தான் பாடினார்கள், ஏனென்றால் அவர்கள் யாரோடும் ஒத்துப்போக வேண்டியிருக்கவில்லை. பேஸும் டிரம்ஸும் சேர்ந்த பிறகு இது முடியாது. மூவரும் ஒரே நேரத்தில் மத்யமத்துக்குப் போக வேண்டுமானால் ஐந்தாவது பார் எங்கே தொடங்கும் என்பது முன்கூட்டியே உறுதியாக இருக்க வேண்டும். ப்ளூஸ் ராக் ஆன கதையின் முதல் படி இந்த ஒழுங்குதான். அதில் கிடைத்தது வேகமும் கூட்டு விசையும், இழந்தது ஜான்சனின் பாட்டில் இருக்கும் பேச்சின் தன்மை. தனிப்பட்ட முறையில் நான் அந்த இழப்பைச் சிறியதாக நினைக்கவில்லை.

குழு வாசிப்பு வலுப்பெற்றதற்கு ஒரு சமூகக் காரணம் உண்டு. தெற்கின் பருத்தித் தோட்டங்களிலிருந்து கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் வடக்கின் தொழில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். மிசிசிப்பியில் தோட்டத் தொழிலாளியாக இருந்த மடி வாட்டர்ஸ் 1943இல் சிகாகோ வந்தார். கூச்சல் நிறைந்த மதுக்கூடங்களில் மரக்கிதாரின் ஒலி எடுபடவில்லை, ஆகவே அவர் மின்கிதாருக்கு மாறினார். அவரோடு ஒலிபெருக்கி வழியாக முழங்கும் ஹார்மோனிகாவும் டிரம்ஸும் சேர்ந்தன. செஸ் நிறுவனம் 1950களில் வெளியிட்ட அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டால் பிற்கால ராக் குழு ஒன்றின் அமைப்பு ஏறக்குறைய முழுமையாகவே அங்கே இருப்பது தெரியும்.

நீங்கள் இரைச்சல் என்று சொல்வதும் இந்தக் காலத்தில்தான் பிறந்தது. ஒலிபெருக்கியை அதன் தாங்குதிறனுக்கு மேல் முடுக்கினால் ஒலியலையின் முகடுகள் தட்டையாக வெட்டுப்படும், மூலத்தில் இல்லாத மேல்சுரங்கள் அதில் சேர்ந்துகொள்ளும். 1951இல் மெம்ஃபிஸில் ஐக் டர்னரின் குழு பதிவுசெய்த ‘ராக்கெட் 88’ பாட்டில் கிதார் கரகரப்பாக ஒலிப்பதற்கு, வழியில் சேதமடைந்த ஒலிபெருக்கியே காரணம். கோளாறாக வந்ததைப் பின்வந்தவர்கள் விரும்பிச் செய்தார்கள், ஏனென்றால் அதில் ஒரு பயன் இருந்தது. மீட்டியதும் தேய்ந்து மறையும் கிதார் ஸ்வரம் இப்படி முடுக்கப்படும்போது நாகஸ்வரத்தைப்போல நீண்டு நிற்கிறது. க்ரீமின் பதிவில் கிளாப்டனின் தனி வாசிப்பு குரலைப்போல இழைவதற்கு இதுவே அடிப்படை. அடுத்த முறை கேட்கும்போது அந்தக் கரகரப்பை விலக்கிவிட்டுக் கேட்க முயலாமல், ஸ்வரம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள்.

இரண்டாவது படி தாளத்தில் நிகழ்ந்தது. பழைய ப்ளூஸில் ஒவ்வொரு தட்டும் திஸ்ரமாகப் பிரிந்திருக்கும். மூன்று பங்கில் முதல் ஒலி இரண்டு பங்கும் அடுத்தது ஒரு பங்கும் எடுத்துக்கொள்ளும், அந்த நொண்டி நடையை ஷஃபிள் என்பார்கள். 1950களின் நடுவில் இந்த நடை நேரானது, அதாவது தட்டு இரண்டு சம பங்காகப் பிரியத் தொடங்கியது. நியூ ஆர்லியன்ஸில் லிட்டில் ரிச்சர்டின் வலது கை பியானோவில் சம இடைவெளியில் அடித்துக்கொண்டே போனதால் தானும் ஷஃபிளைக் கைவிட்டு அதற்கு இணங்க வேண்டியிருந்தது என்று டிரம்ஸ் கலைஞர் எர்ல் பாமர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். லிட்டில் ரிச்சர்டின் ‘லூசில்’ (1957) பாட்டில் நேர்நடை தெளிவாகக் கேட்கும். அதைவிடச் சுவையானது சக் பெர்ரியின் ‘ஜானி பி. குட்’ (1958). அதில் பெர்ரியின் கிதார் நேராக ஓடுகிறது, உடன் வாசிக்கும் டிரம்ஸ் இன்னும் சற்று நொண்டுகிறது. பழைய நடையும் புதிய நடையும் ஒரே பாட்டில் உரசிக்கொள்கின்றன. பாட்டு இன்றும் பழசாகாமல் துள்ளுவதற்கு அந்த உரசலே காரணம் என்பது என் எண்ணம். இரண்டாம், நான்காம் தட்டுகளில் ஸ்நேர் டிரம் மேல் விழும் அழுத்தமான அடியையும் இங்கே கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் வந்த ராக் பாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை அதன்மேல்தான் நிற்கின்றன.

எல்விஸ் பிரெஸ்லியை நான் இவ்வளவு தாமதமாகச் சொல்வதை உங்கள் மகள் விரும்பமாட்டாள். 1954 ஜூலையில் மெம்ஃபிஸில் அவர் பாடிய ‘தட்ஸ் ஆல் ரைட்’, ஆர்தர் க்ரூடப் என்ற கறுப்பினப் பாடகர் 1946இல் பதிவுசெய்த ப்ளூஸ். எல்விஸின் குரல் அசாதாரணமானதுதான். ஆனால் கறுப்பினத்தவரின் இசைத்தட்டுகளைத் தனிப் பட்டியலில் வைத்து விற்ற ஒரு நாட்டில், அந்த இசையை வெள்ளையர் வீடுகளுக்குள் கொண்டுசென்றதே அவருடைய பெரிய வரலாற்றுப் பங்கு. க்ரூடப்புக்கு உரிய பங்குத்தொகை அவர் வாழ்நாளில் கிடைக்கவில்லை.

1960களில் கதை கடல் தாண்டுகிறது. லண்டனைச் சுற்றியிருந்த இளைஞர்கள் மடி வாட்டர்ஸ், சக் பெர்ரி இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்துப் பாடம் செய்தார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பெயரே மடி வாட்டர்ஸின் ஒரு பாட்டிலிருந்து வந்தது. 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்கு அழைக்கப்பட்டபோது அவர்கள் மூத்த ப்ளூஸ் கலைஞர் ஹவ்லின் வுல்ஃபையும் உடன் பாடவைத்தார்கள். அமெரிக்க இளைஞர்களில் பலர் தம் சொந்த நாட்டின் ப்ளூஸை இங்கிலாந்துக்காரர்கள் வழியாகத்தான் முதலில் அறிந்தார்கள்.

அதே 1965இல் ஸ்டோன்ஸ் வெளியிட்ட ‘சாட்டிஸ்ஃபேக்ஷன்’ மூன்றாவது படியைக் காட்டுகிறது. அதில் பன்னிரண்டு பார் இல்லை. கிதாரில் ஒரு சிறு ஸ்வரத்தொடர் திரும்பத் திரும்ப வருகிறது, பாட்டு அதன்மேல் கட்டப்பட்டிருக்கிறது. இந்தத் தொடரை ரிஃப் என்பார்கள். லெட் ஸெப்பலினின் ‘ஹோல் லாட்டா லவ்’ (1969) இதன் எல்லை, அதில் கார்ட் நகர்வதே ஏறக்குறைய கிடையாது. ப்ளூஸிலிருந்து விலகிய இடம் இது என்று பலர் எழுதுகிறார்கள், நான் அதை ஏற்பதில்லை. மடி வாட்டர்ஸின் ‘மேனிஷ் பாய்’ (1955) முழுக்க ஒரே ரிஃபில்தான் நிற்கிறது, டெல்டாவிலும் ஒரே கார்ட்டில் பாடும் வழக்கம் பழையதுதான். பன்னிரண்டு பாரை விட்டவர்கள் ப்ளூஸின் இன்னொரு பழைய கிளையைப் பற்றிக்கொண்டார்கள் என்பதே சரி. அந்த ஸெப்பலின் பாட்டின் சொற்களும் மடி வாட்டர்ஸுக்காக வில்லி டிக்சன் எழுதிய ஒரு பாட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்தார், 1987இல் சமரசம் ஏற்பட்டது.

1970க்குப் பின் ரிஃபின் ஆட்சிதான். பர்மிங்காமின் பிளாக் சாபத் ஒரு ப்ளூஸ் குழுவாகத் தொடங்கியது. அதன் கிதார் கலைஞர் டோனி அயோமி ஆலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர், வலி குறைய அவர் பின்னாளில் தந்திகளைத் தளர்த்தியதால் சுருதி இறங்கி ஒலி கனத்தது. ஹெவி மெட்டல் என்ற ராக் வகையின் இருண்ட ஒலிக்கு அதுவும் ஒரு காரணம். 1976இல் வந்த ரமோன்ஸ் போன்ற பங்க் குழுக்கள் ப்ளூஸின் வளைந்த ஸ்வரங்களையும் நீண்ட தனி வாசிப்பையும் வேண்டுமென்றே வெட்டி எறிந்தன, நேர்நடையும் வேகமும் மட்டும் மிஞ்சின. 1980களைத் தாண்டிச் செல்லலாம், உங்கள் கேள்விக்கு அங்கே புதிய விடை அதிகமில்லை.

நிர்வாணாவை 1993 நவம்பரில் பதிவான அவர்களுடைய அன்ப்ளக்ட் நிகழ்ச்சியிலிருந்து கேளுங்கள், அது ராக் குழுக்கள் பெரும்பாலும் மரக்கிதார்களோடு வாசிக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சி. அதன் கடைசிப் பாட்டு, லெட் பெல்லி என்ற பழைய கறுப்பினப் பாடகர் வழியாக நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேனுக்கு வந்த நாட்டுப்பாடல். அதில் பன்னிரண்டு பாரைத் தேடாதீர்கள், அது மூன்று தட்டுகளில் செல்லும் பாட்டு. ப்ளூஸ் பாடகர்களின் கையில் ப்ளூஸ் அல்லாத நாட்டுப்பாடல்களும் நிறைய இருந்தன, ராக் அவற்றையும் எடுத்துக்கொண்டது.