முடி கொட்டுதா? டெஸ்ட்டுக்கு முன்னாடி காலண்டரைப் பாருங்க: தோல் மருத்துவரிடம் கேள்வி பதில்

மல்லிகைப்பூ: வயசு 29. ஜூலையில டெங்கு வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில இருந்தேன். செப்டம்பர் கடைசியில முடி கொட்ட ஆரம்பிச்சது, இப்ப பிப்ரவரி, இன்னும் கொத்துக்கொத்தா வருது. முடிக்குன்னு பயோட்டின் வைட்டமின் மாத்திரை 10 மி.கி. தினமும் சாப்பிடுறேன். ஹீமோகுளோபின் 11.8, ஃபெரிட்டின் 9, டிஎஸ்எச் 0.08, எஃப்டி4 அதிகம். தைராய்டு கூடிடுச்சுன்னு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்க. ஆரம்பிக்கலாமா?

படபடப்பு, கை நடுக்கம், காரணமில்லாமல் எடை குறைவது இதில் ஏதாவது இருந்தால் இன்றே எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். எதுவும் இல்லை என்றால், இந்த ஒரு ரிப்போர்ட்டை மட்டும் நம்பி மாத்திரை வேண்டாம். "பயோட்டின் சாப்பிடுகிறேன், நிறுத்திவிட்டு ஒரு முறை திரும்பப் பார்க்கலாமா" என்று அவரிடமே கேளுங்கள்.

காரணம் இதுதான். ஹார்மோன் அளக்கும் பல கிட்களில் பயோட்டினைத்தான் பசை மாதிரி பயன்படுத்துகிறார்கள். ரத்தத்தில் மாத்திரையிலிருந்து வந்த பயோட்டின் நிறைய மிதந்தால், அது அந்தப் பசை ஒட்ட வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போது டிஎஸ்எச் பொய்யாகக் குறையும், எஃப்டி4 பொய்யாகக் கூடும். தைராய்டு அதிகமானவர் ரிப்போர்ட் எப்படி இருக்குமோ அச்சு அசலாக அப்படியே இருக்கும். நாம் உணவில் சாப்பிடும் பயோட்டின் இதைச் செய்யாது. ஒரு நாளைக்குத் தேவை 30 மைக்ரோகிராம் அளவுதான், உங்கள் மாத்திரையில் இருப்பது அதைப்போல 300 மடங்குக்கு மேல். ஒரு வாரம் நிறுத்துங்கள். பிறகு ரத்தம் கொடுங்கள். கொடுக்கும்போது லேபிலும் சொல்லுங்கள்.

உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துத் திரும்பப் பாருங்கள். அதையும் டிஎஸ்எச் அளக்கும் முறையில்தான் அளக்கிறார்கள், அதுவும் பொய்யாகக் குறையலாம். ஆனால் ஹீமோகுளோபினை பயோட்டின் தொடாது. 11.8 என்பது பெண்களுக்கான 12-க்குக் கீழே. அதனால் இரும்புக் குறை உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மாதவிலக்கில் ரத்தப்போக்கு எத்தனை நாள், எவ்வளவு என்று எழுதுங்கள்.

இனி முடிக்கு வருகிறேன். கடும் காய்ச்சல் வந்தால் வளர்ந்துகொண்டிருக்கும் முடியில் கணிசமான பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வில் இருக்கும் முடி உடனே விழாது, இரண்டு மூன்று மாதம் தலையிலேயே இருந்துவிட்டுத்தான் விழும். ஜூலைக் காய்ச்சல், செப்டம்பர் கடைசியில் உதிர்வு: கணக்கு சரியாக வருகிறது. டைபாய்டு, பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி டயட் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். கொட்டும் நாளில் காரணம் தேடினால் கிடைக்காது. மூன்று மாதம் பின்னால் போய்த் தேட வேண்டும்.

இந்த வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கும். உங்களுக்கு ஐந்தாவது மாதம். அடங்குகிறதா என்று கண்ணாடி முன் பாருங்கள்: நெற்றி ஓரத்தில் குட்டை முடிகள் நிற்கின்றனவா? முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும். அக்டோபரில் முளைத்தது இப்போது நாலு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அது இருந்தால் வேர் வேலை செய்கிறது. அடுத்து உச்சி வகிடு. இரண்டு வருஷத்துக்கு முந்தைய போட்டோவில் இருந்ததைவிட அகலமாகியிருக்கிறதா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.

நைட் ஷிஃப்ட்: 26 வயசு, ஆண். நெத்தி ரெண்டு பக்கமும் ஏறுது, உச்சியில தலை தெரியுது. ஃபுல் பாடி பேக்கேஜ் எடுத்தேன், எல்லாம் நார்மல். வேற என்ன டெஸ்ட் எடுக்கணும்?

எதுவும் வேண்டாம். இந்த இடங்களில், இந்த வரிசையில் குறைந்தால் அது பரம்பரை வழுக்கை. அதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை கிடையாது, பார்த்தாலே தெரியும்.

பலன் தருபவை இரண்டு. மினாக்ஸிடில் 5 சதவீத லோஷன், காலை ஒரு மில்லி, இரவு ஒரு மில்லி, காய்ந்த தலையில். முடியில் அல்ல, தோலில் படவேண்டும். பாதிப் பேர் முடியைத்தான் நனைக்கிறார்கள். முதல் இரண்டு மாதத்துக்குள் உதிர்வு கூடலாம். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியது வருவதால் அது நடக்கிறது. பயந்து அங்கேயே நிறுத்துகிறவர்கள்தான் "எனக்கு அது ஒத்துக்கலை" என்று சொல்கிறவர்களில் பலர். ஆறு மாதம் முடியாமல் எடை போடாதீர்கள். நிறுத்தினால் சில மாதங்களில் கிடைத்ததெல்லாம் போய்விடும். வீட்டில் பூனை இருந்தால் லோஷன் காயாத தலையணையில் அதைப் படுக்க விடாதீர்கள், பூனைக்கு இது கொடிய விஷம்.

இரண்டாவது ஃபினாஸ்டரைடு 1 மி.கி., மருத்துவர் எழுதித்தான். சிலருக்குப் பாலுறவு ஆர்வம் குறைவது, மனச்சோர்வு வரும். வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்த தானம் செய்பவராக இருந்தால் நிறுத்தி ஒரு மாதம் கழித்துத்தான் கொடுக்க வேண்டும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது.

ஆவடி ஆறுமுகம்: எல்லாரும் மாத்திரை சொல்றீங்க. நான் போர் தண்ணியை விட்டுட்டு கேன் தண்ணியில குளிச்சேன், நின்னுடுச்சு. உப்புத் தண்ணிதான் காரணம், ஒத்துக்கோங்க.

பாதி ஒத்துக்கொள்கிறேன். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்காக்கும், சீவும்போது நடுவில் உடைக்கும். வேரை அது எதுவும் செய்யாது. எது உங்களுக்கு நடந்தது என்று பார்க்க விழுந்த முடியை வெள்ளைத் தாளில் வையுங்கள். ஒரு நுனியில் கடுகைவிடச் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு வந்தது, தண்ணீரை மாற்றிப் பயனில்லை. இரண்டு நுனியிலும் குமிழ் இல்லாமல் துண்டாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி.

கோவை அம்மா: பையனுக்கு 8 வயசு, புழுவெட்டு. சின்ன வெங்காயம் தேய்க்கச் சொல்றாங்க.

தேய்க்காதீர்கள், குழந்தைத் தோல் வெந்து புண்ணாகிவிடும். இரண்டு நோயை ஊரில் ஒரே பெயரில் சொல்கிறோம். வட்டமாக, வழவழவென்று, செதில் இல்லாமல் இருந்தால் உடலின் எதிர்ப்பு சக்தியே வேரைத் தாக்குவது. புழு எதுவும் இல்லை, சிறிய வட்டம் பல குழந்தைகளுக்குத் தானாகவே மூடும். செதில், அரிப்பு, தோலோடு ஒட்டி உடைந்த கரும்புள்ளிகள் இருந்தால் படர்தாமரை. அதற்குப் பூசும் மருந்து வேர் வரை போகாது, பல வாரம் வாய்வழி மருந்து வேண்டும். இந்த வாரமே காட்டுங்கள். கூடப் படுக்கும் பிள்ளைகளின் தலையையும் பாருங்கள்.

நெல்லை_88: எந்த பயோட்டின் பிராண்ட் நல்லது?

மல்லிகைப்பூவுக்கு எழுதியதைப் படியுங்கள். பயோட்டின் குறை இல்லாதவருக்கு அதனால் முடி வளரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

லேப் அண்ணன்: நான் பயோகெமிஸ்ட்ரியில 15 வருஷம். எங்க மெஷின்ல பயோட்டின் தொந்தரவு இல்ல, வீணா பயமுறுத்தாதீங்க. இன்னொன்னு, ஃபெரிட்டின் 15-க்கு மேல இருந்தா நார்மல்னு நாங்க கொடுக்கிறோம். தோல் டாக்டருங்க 40 வேணும், 70 வேணும்னு இரும்பு எழுதுறீங்க. எங்கிருந்து வந்துச்சு இந்தக் கணக்கு?

முதலாவதில் நீங்கள் சொல்வது சரி. எல்லா மெஷினும் இந்தப் பசையைப் பயன்படுத்துவதில்லை, சில கம்பெனிகள் கிட்டை மாற்றியும் விட்டன. ஆனால் ரத்தம் கொடுப்பவருக்கு எந்த மெஷின் என்று தெரியாது. நெஞ்சுவலிக்குப் பார்க்கும் ட்ரோபோனின்கூட இதனால் பொய்யாகக் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-இல் எச்சரித்தது. அதனால் எல்லாரையும் நிறுத்தச் சொல்வதே பத்திரம்.

இரண்டாவது இன்னும் முடியாத வழக்கு. 15 என்பது எலும்பு மஜ்ஜையில் இரும்பு தீர்ந்துவிட்டதைக் காட்டும் கோடு. முடிக்கு எவ்வளவு போதும் என்று அளந்து போட்ட கோடு அல்ல. முடி கொட்டும் பெண்களிடம் ஃபெரிட்டின் குறைவு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, வித்தியாசமே இல்லை என்று சில சொல்கின்றன. நான் 30-க்குக் கீழே இருந்தால் கொடுப்பேன், 40-ஐத் தாண்டினால் நிறுத்துவேன். 70-க்கு ஆதாரம் பலவீனம்.

லேப் அண்ணன்: அப்ப 32 இருக்கிறவங்களுக்கு?

உதிர்வுக்கு வேறு காரணம் தேடுவேன். காய்ச்சல், வீக்கம் இருக்கும்போது ஃபெரிட்டின் தானாக ஏறும் என்பது உங்களுக்கே தெரியும். டெங்கு நேரத்தில் நூற்றுக்கணக்கில் போகும். அந்த வாரம் எடுத்த ரிப்போர்ட்டை வைத்து "இரும்பு நிறைய இருக்கு" என்று சொல்வதும் தவறு.

சேலத்து மாமி: எனக்கு 70 வந்தப்புறம்தான் நின்னுது. அண்ணன் சொல்றதை ஒத்துக்க முடியாது.

நின்றதில் சந்தோஷம். ஆனால் 70 வருவதற்குப் பல மாதம் ஆகியிருக்கும், காய்ச்சல் உதிர்வும் அத்தனை மாதத்தில்தான் நிற்கும். எது நிறுத்தியது என்று ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது.

தேனி_ரவி: பயோட்டின் கூட துத்தநாகம் சேர்த்து சாப்பிடலாமா?

பயோட்டின் பற்றி மேலே இரண்டு முறை எழுதிவிட்டேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

ரிட்டயர்டு டீச்சர்: 58 வயசு. நான் கேட்க வந்தது நரைக்கு. நெத்தி கொஞ்சம் ஏறியிருக்கு, அது வயசு. புருவமும் பாதி போச்சு, தலை ஓரம் அரிக்குது. நல்ல டை சொல்லுங்க.

அம்மா, டை வேண்டாம். நெற்றி ஓரம் பின்வாங்குவது, புருவம் போவது, அரிப்பு மூன்றும் சேர்ந்தால் வயது என்று விடக்கூடாது. தழும்பாகும் வகை இருக்கிறது. அதில் வேர் அழிந்தால் எந்த மருந்தாலும் திரும்ப வராது. ஜன்னல் வெளிச்சத்தில் நெற்றி ஓரத்தைப் பாருங்கள்: முடி போன இடத்தில் தோல் வெளுத்து, வழவழப்பாக, முடித்துளையே தெரியாமல் இருந்தால் அதுதான் அடையாளம். தோல் மருத்துவர் தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் வைத்துப் பார்ப்பார், தேவைப்பட்டால் 4 மில்லிமீட்டர் துண்டு எடுத்து அனுப்புவார். இந்த மாதமே போங்கள்.

மல்லிகைப்பூ: பயோட்டின் நிறுத்தி ஒன்பது நாள் கழிச்சு ரத்தம் கொடுத்தேன். டிஎஸ்எச் 2.3, எஃப்டி4 நார்மல், ஃபெரிட்டின் 11. மாதவிலக்கு ஏழு நாள், முதல் மூணு நாள் ரொம்ப. குட்டை முடி இருக்கு. வகிடு முன்பக்கத்துல கொஞ்சம் அகலமாயிருக்கு.

அப்படியானால் தைராய்டு இல்லை, இரும்புக் குறை உண்மை. இந்த ரிப்போர்ட்டை மாத்திரை எழுதியவரிடம் காட்டுங்கள். இரும்பு மாத்திரை அட்டையில் இரும்பு மட்டும் எவ்வளவு என்று பாருங்கள், 60 மி.கி. ஒட்டி இருந்தால் போதும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோடு. காபி, டீ இரண்டு மணி நேரம் கழித்து. தினமும் போட்டால் அடுத்த நாள் குடல் குறைவாகத்தான் உறிஞ்சும், வயிறும் கெடும். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். ரத்தப்போக்குக்கு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அங்கே ஓட்டை இருக்கும்வரை மாத்திரை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வகிடுதான் எனக்கு இன்னும் முடிவாகவில்லை. காய்ச்சல் உதிர்வு தலை முழுவதும் மெலியச் செய்யும்; வகிட்டின் முன்பக்கம் மட்டும் அகலமானால் பரம்பரை மெலிவு அடியில் இருந்து, காய்ச்சல் அதை வெளியே காட்டியிருக்கலாம். அதே ஜன்னல், அதே வகிடு, ஈரமில்லாத தலை என்று இன்று ஒரு போட்டோ, மே மாதம் ஒரு போட்டோ எடுங்கள். மே மாதமே ஃபெரிட்டினையும் பாருங்கள். அது ஏறியும் வகிடு அப்படியே நின்றால் மினாக்ஸிடில் பற்றிப் பேசலாம், கர்ப்பத்துக்குத் திட்டம் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.