ஒரு ஸ்பிரிங்க்ளர் ஹெட் திறந்தால் மற்றதெல்லாம் திறக்குமா?

கேள்வி: மூன்று மாடி ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். தீ பிடித்தால் கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் போட்டாகிவிட்டது. ஒரு மூலையில் லேசாகப் புகைந்தாலே மூன்று மாடியிலும் தண்ணீர் கொட்டி, பட்டுப்புடவை எல்லாம் பாழாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ராத்திரியில் வால்வை மூடி வைத்துவிடுங்கள் என்கிறார் வேலை செய்துகொடுத்தவர். மூடலாமா?

பதில்: மூடவே கூடாது. ஆள் இல்லாத அந்த ராத்திரிக்காகத்தான் அதைப் போட்டிருக்கிறீர்கள்.

கூரையில் தொங்கும் ஹெட்டை அண்ணாந்து பாருங்கள். நடுவில் சிவப்புத் திரவம் அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி தெரியும். குழாயில் எப்போதும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறது. அதன் வாயை அடைத்திருக்கும் மூடிக்கு முட்டுக்கொடுத்து நிற்பது அந்தக் குப்பி ஒன்றுதான். திரவத்துக்குள் ஒரு காற்றுக்குமிழி இருக்கும். சூடு ஏற ஏறத் திரவம் விரியும், குமிழி சுருங்கி மறையும். அதற்குமேல் விரிய இடமில்லாமல் 68 டிகிரி செல்சியஸ் வாக்கில் கண்ணாடி வெடிக்கும். முட்டு போனதும் மூடி விழும், தண்ணீர் கீழே உள்ள தட்டில் மோதிச் சிதறும். இதில் ஒயரும் இல்லை, சென்சாரும் இல்லை. ஒரு ஹெட் உடைந்தது பக்கத்து ஹெட்டுக்குத் தெரியவும் தெரியாது. புகை பட்டாலோ, யாராவது அலாரம் பட்டனை அழுத்தினாலோ குப்பி உடையாது. அதன்மேல் சூடு ஏறினால்தான் உடையும்.

தரைத்தளத்தில் ஒரு துணிக்கட்டு எரிகிறது என்று வையுங்கள். சூடான காற்று நேரே கூரைக்கு ஏறி, அங்கிருந்து பக்கவாட்டில் பரவும். பரவும்போதே அறைக்காற்று கலந்து, கூரையும் சூட்டை உறிஞ்சி, அது ஆறிக்கொண்டே போகும். நெருப்புக்கு நேர் மேலே இருக்கும் குப்பி 68-ஐத் தொடும்போது, மூன்று மீட்டர் தள்ளி இருப்பது அதைவிடக் குறைந்த சூட்டில்தான் இருக்கும். முதல் ஹெட் திறந்து தண்ணீர் விழுந்ததும் நெருப்பும் அடங்கும், கூரைக்கடியில் ஓடும் காற்றும் குளிரும். அதனால் அடுத்தது திறக்க வேண்டிய நிலையே பெரும்பாலும் வராது. தீ அதையும் மீறி வளர்ந்தால்தான் இரண்டாவது, மூன்றாவது திறக்கும்.

வழக்கமான ஹெட்டில் 1 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 80 லிட்டர் வரும். 3 பாரில் சுமார் 140 லிட்டர். அந்த ஒரு வட்டத்துப் புடவைகள் நனையும், மறுப்பதற்கில்லை. ஆனால் தீ வளர்ந்தபின் தீயணைப்பு வண்டி குழாய் பிடித்தால் அதைவிடப் பல மடங்கு தண்ணீர் உள்ளே வரும்.

மேல்மாடிக்குத் தகரக் கூரையா? அப்படியானால் அதைத் தனியாகப் பாருங்கள். தீயே இல்லாமல் ஹெட் திறக்கக்கூடிய இடம் அது. அந்த இடத்தில் வரக்கூடிய உச்ச வெப்பத்தைவிட 30 டிகிரியாவது கூடுதலான ஹெட் போட வேண்டும் என்பது கணக்கு. சித்திரை வெயிலில் தகரத்துக்கடியில் 55, 60 டிகிரி தொட்டால் சிவப்புக் குப்பிக்கு மிச்சம் எட்டோ பதின்மூன்றோதான். அங்கே 93 டிகிரிக்கான பச்சைக் குப்பி வேண்டும். 45 டிகிரி வரை போகும் இடத்துக்கு 79-இன் மஞ்சள் போதும். எல்லா மாடிக்கும் ஒரே பெட்டியிலிருந்து சிவப்பை எடுத்து மாட்டிவிட்டுப் போகிற ஒப்பந்தக்காரர்கள் நிறைய. ஒரு மத்தியானம் மேலே ஏறி, கூரைக்கடியில் தெர்மாமீட்டர் கட்டிப் பார்த்துவிட்டு நிறத்தை முடிவு செய்யுங்கள். பயந்துகொண்டு கீழ்மாடியிலும் பச்சை போட்டுவிடாதீர்கள். தீ பெரிதான பிறகுதான் அது திறக்கும்.

உண்மையான ஆபத்து, திறக்க வேண்டியது திறக்காமல் போவதுதான். தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது குப்பிமேலும் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். பெயிண்ட் குப்பிக்குச் சூடு போவதைத் தடுக்கும், மூடியையும் ஒட்டிப் பிடிக்கும். தின்னர் போட்டுத் துடைத்துத் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள்; பெயிண்ட் பட்ட ஹெட்டை மாற்றத்தான் வேண்டும். ஹெட்டில் ஹேங்கர் மாட்டாதீர்கள்; ஒரு இடியில் குப்பி உடையும். ஹெட்டின் தட்டுக்குக் கீழே அரை மீட்டராவது காலியாக இருக்கட்டும். சரக்கைக் கூரைவரை அடுக்கினால் தண்ணீர் மேல்கட்டிலேயே நின்றுவிடும்.

ஃபால்ஸ் சீலிங்கில் ஹெட்டை மட்டும் செருகிவிட்டு, பின்னால் குழாயே போடாத கொடுமையும் நடக்கிறது. சான்றிதழுக்கு வருகிறவர் ஹெட்டை எண்ணிவிட்டுப் போகிறாரே தவிர, ஒரு வால்வைத் திறந்து பார்ப்பதில்லை. இப்படி ஒரு பரிசோதனையை எத்தனை வருடம் சகித்துக்கொள்வது? ஆகவே நீங்களே பாருங்கள். தொங்கும் சில ஹெட்டுகளுக்கு மேல் சீலிங் பலகையைக் கழற்றிக் குழாய் வருகிறதா என்று பார்க்கலாம். ஒவ்வொரு மாடியிலும் குழாயின் கடைசி முனையில், ஒரே ஒரு ஹெட் அளவுக்குத் தண்ணீர் விடும் சோதனை வால்வு இருக்க வேண்டும். காவலாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைத் திறங்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் அலாரம் அடிக்க வேண்டும், அழுத்தம் இறங்கியதும் பம்ப் தானாக ஓட வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மாடி வால்வைத் திறந்த நிலையில் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைக் காவலாளியிடம் கொடுங்கள். தீ முழுக்க அணைந்தது உறுதியான பிறகுதான் அதை மூட வேண்டும். பிறகு உடைந்த ஹெட்டை அதே நிறத்தில் மாற்றி, வால்வைத் திரும்பத் திறக்க வேண்டும். அதற்காக ஆறு உபரி ஹெட்டும் அதற்கான ஸ்பேனரும் பம்ப் அறைப் பெட்டியில் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்.