படியில் வைத்தே தள்ளுகிறார்களே, என்ன செய்ய?

கேள்வி: எங்கள் அம்மாவுக்கு 66 வயது. மாதம் இரண்டு தடவை கல்லிடைக்குறிச்சியில் இருந்து பஸ்ஸில் வந்து, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போவாள். நெல்லையில் இறங்கும்போது ஆட்கள் இறங்க விடாமலே ஏறுகிறார்கள். போன தடவை படியில் வைத்தே தள்ளி, கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டில் கீறல். படித்தவர்கள்கூட ஏன் இப்படிச் செய்கிறார்கள்? அம்மா எப்படிப் பத்திரமாக இறங்குவது?

பதில்: பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக 20 வருடத்துக்கு மேல் உட்கார்ந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ராத்திரி நெல்லை ஜங்ஷனுக்குப் போய் நெல்லை எக்ஸ்பிரஸ் நிற்கிற நடைமேடையைப் பாருங்கள். முன்பதிவுப் பெட்டி முன்னால் நிற்கிறவர் டீ குடித்து முடித்து, சாவகாசமாக ஏறுவார். முன்பதிவில்லாத பெட்டிக்காரர் வண்டி ஊர்ந்து வரும்போதே கைப்பிடியைப் பிடித்துத் தொங்குவார். இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்கள், ஏன், ஒரே வீட்டு அண்ணன் தம்பியாகக்கூட இருக்கலாம். முன்னவருக்குச் சீட்டு நம்பர் கையில் இருக்கிறது, பின்னவருக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

நம்ம ரூட் பஸ்ஸில் யாருக்குமே நம்பர் கிடையாது. பஸ்ஸில் 55 சீட்டு, கீழே 70 பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். அம்பாசமுத்திரம் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பதினைந்து பேர் அதுவரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தப் பதினைந்தில் நாமும் ஒருவராகிவிடக் கூடாது என்பதுதான் அத்தனை பேர் மனசிலும் ஓடுவது. எல்லாரும் இறங்கட்டும் என்று ஒதுங்கி நின்ற நல்லவருக்குக் கடைசியில் கம்பிதான் கிடைக்கும். இரண்டு தடவை அப்படி நின்று பார்த்தார் என்றால் மூன்றாம் தடவை அவரும் முட்டுவார். நானும் முட்டியிருக்கிறேன்.

முட்டல் எப்படித் தொடங்குகிறது என்பதுதான் உங்கள் அம்மாவுக்கு உபயோகமான விஷயம். பஸ் வந்து நின்றதும் முதல் ஆறேழு பேர் மளமளவென்று இறங்கிவிடுவார்கள், அவர்கள் முன்கூட்டியே எழுந்து நின்றவர்கள். அதற்கு அடுத்தவர் அப்போதுதான் மேலே வைத்த பையை எடுக்கக் கையைத் தூக்குவார், அல்லது சீட்டுக்கு அடியில் தள்ளிய செருப்பைக் காலால் துழாவுவார். இரண்டே வினாடி வாசல் காலி. கீழே நிற்கிறவர் கண்ணுக்கு அது இறங்கி முடிந்த மாதிரி தெரியும். ஒருவர் உள்ளே போவார், அவர் முதுகை ஒட்டி நாலு பேர். உள்ளே நடைபாதை ஒரு ஆள் அகலம். எதிரும் புதிருமாக மாட்டிக்கொண்டால் ஒருவர் பின்னால் போக வேண்டும், ஆனால் அவருக்குப் பின்னாலும் ஆள் நிற்கிறது.

கணக்குப் போட்டால் சிரிப்பு வரும். ஒரு ஆள் இறங்க இரண்டு வினாடி என்றால் இரண்டு வாசலில் 55 பேர் ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிடலாம். முட்டிக்கொண்டால் ஒவ்வொரு முட்டலுக்கும் ஐந்தாறு வினாடி போகும். இருபது முட்டல் என்றால் கூடுதலாக இரண்டு நிமிடம் போச்சு. பஸ் எப்படியும் பத்து நிமிடம் அங்கேதான் நிற்கப் போகிறது, சீட்டும் அதே 55தான். இத்தனை தள்ளலுக்கும் ஒரு சீட்டுக்கூடக் கூடவில்லை, யார் உட்காருவது என்பது மட்டும் மாறுகிறது.

இரண்டு வாசல் இருக்கிறதே, ஒன்றில் ஏறி ஒன்றில் இறங்கலாமே என்று கேட்பீர்கள். சில பஸ்ஸில் 'ஏறும் வழி', 'இறங்கும் வழி' என்று பெயின்ட்டில் எழுதியே வைத்திருக்கிறார்கள். நம்ம பக்கத்துப் பழக்கம் வேறு: முன்படி பொம்பளைகளுக்கு, பின்படி ஆம்பளைகளுக்கு. அதனால் இரண்டு படியிலும் ஏறவும் செய்கிறார்கள், இறங்கவும் செய்கிறார்கள். இறங்குகிறவர்களை ஒரு இடத்தில் இறக்கிவிட்டு, காலி வண்டியை இன்னொரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் பாதித் தள்ளுமுள்ளு அன்றைக்கே நின்றுபோகும். நான் வேலை பார்த்த இடத்தில் இதை மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். 'ஆவன செய்யப்படும்' என்று ஒரு தடவை பதில் வந்தது, மற்ற இரண்டுக்கு அதுவும் இல்லை. ஆள் உயரத்துக்கு நாலு இரும்புக் குழாய் நட்டு வரிசை கட்ட என்ன கோடியா செலவாகும்? வண்டி நடை ஓடியதா, கலெக்‌ஷன் வந்ததா என்று மட்டும் கேட்டால் இப்படித்தான் இருக்கும்.

துண்டு போடுகிற கதையையும் சொல்ல வேண்டும். ஜன்னல் வழியாகத் துண்டையோ, பையையோ, தண்ணீர் பாட்டிலையோ போட்டால் இடம் அவருடையது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனாலும் எல்லாரும் அதை மதிக்கிறோம். ஒருநாள் வேட்டி கட்டிய ஒரு பெரியவர் சீட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை, அதற்குள் அவர் மடியில் ஒரு ஈரத்துண்டு வந்து விழுந்தது. அவர் அதை எடுத்து உதறி, மடித்து, ஜன்னல் கம்பியில் காயப்போட்டுவிட்டு, "இன்னும் நான் எந்திரிக்கலய்யா" என்றார். துண்டு போட்டவராவது வெளியே பொறுமையாக நிற்கலாம்தானே? நிற்க மாட்டார். யாராவது துண்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்று அவரும் வாசலுக்குத்தான் ஓடுவார்.

இதைவிட மோசம், இடம் பிடித்துத் தருகிறேன் என்று வருகிறவன். திருச்செந்தூரில் சூரசம்ஹாரம், காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் ஆடி அமாவாசை, குற்றாலத்தில் சாரல் என்றால் இவர்கள் எங்கிருந்துதான் முளைப்பார்களோ. "பாட்டி, பையைக் குடுங்க, சீட்டு போட்டுருதேன், இருபது ரூபா குடுத்தாப் போதும்" என்பான். தயவுசெய்து கொடுக்காதீர்கள். அவன் ஜன்னல் வழியாக ஏறி நாலு சீட்டை அடைப்பதால்தான் வாசலில் நிற்கிறவர்களுக்கு வெறி கூடுகிறது. பை அவன் கைக்குப் போன பிறகு அது எந்த பஸ்ஸில் ஏறுகிறது என்று நீங்கள் பார்க்க முடியாது. உள்ளே மருந்துச் சீட்டு, ஆஸ்பத்திரி நோட்டு, பணம் எல்லாம் இருக்கும். ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியில் இடம் விற்கிறவனும் இதே ரகம்தான். அந்தச் சீட்டு அவன் அப்பன் வீட்டுச் சொத்து இல்லை. 139க்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.

இன்னொரு கூட்டம் வாசல் நெரிசலுக்காகவே காத்திருப்பது. முன்னால் ஒருத்தி படியில் வேண்டுமென்றே நின்றுகொள்வாள், பின்னால் இருந்து இன்னொருத்தி நெருக்குவாள், நடுவில் மாட்டியவர் கழுத்தில் சங்கிலி இருக்காது. காரணமே இல்லாமல் முன்னாலும் பின்னாலும் ஒரே நேரத்தில் அழுத்தம் வந்தால், இறங்குவதை விட்டுவிட்டுக் கழுத்தையும் மடியையும் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிறவருக்கு நகை எதற்கு? கண்ணாடி வளையலும் அன்றைக்கு வேண்டாம்.

இனி அம்மா இறங்குகிற முறை. நெல்லையோடு முடிகிற பஸ்ஸில் அவர் கடைசியில் இறங்கினால் போதும். பஸ் நின்றதும் எழுந்திருக்கவே வேண்டாம். "எந்திரிங்கம்மா" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் தலைமேல் நிற்பார். "எல்லாரும் எறங்கட்டும்யா, பெறகு எந்திரிக்கேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். இரண்டு மூன்று நிமிடத்தில் ஏறியவர்கள் எல்லாம் உட்கார்ந்துவிடுவார்கள், நடைபாதை திறந்துவிடும். முன்படிக்கு அடுத்த இரண்டாவது, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தால் நடக்கிற தூரமும் குறைவு. பையைத் தோளில் மாட்டி முன்பக்கம் தொங்கவிட்டு, கம்பியைப் பிடிக்க ஒரு கையையாவது காலியாக வைக்க வேண்டும்.

ஆனால் இது நெல்லையோடு முடிகிற பஸ்ஸுக்கு மட்டும். போர்டைப் பார்த்து ஏறச் சொல்லுங்கள். 'பாபநாசம் - திருநெல்வேலி' என்று இருந்தால் முடிகிற பஸ். 'வழி திருநெல்வேலி' என்று போட்டு அதற்கு அப்பால் தூத்துக்குடியோ திருச்செந்தூரோ எழுதியிருந்தால் அது தாண்டிப் போகிற பஸ். அதில் பாதிப் பேர் உட்கார்ந்தபடியே இருப்பார்கள், எத்தனை சீட்டு காலியாகும் என்று கீழே நிற்கிறவருக்குத் தெரியாது, அதனால் அவர் முட்டுவதற்குக் கொஞ்சம் நியாயம்கூட இருக்கிறது. பஸ்ஸும் அதிகம் நிற்காது. அங்கே உட்கார்ந்திருந்தால் அம்மா ஆஸ்பத்திரிக்குப் பதில் தூத்துக்குடிக்குப் போய்விடுவார். போர்டு மங்கிக் கிடந்தாலோ, வேறு ரூட் போர்டை மாற்றாமல் ஓட்டினாலோ (அதுவும் நடக்கிறது) கண்டக்டரிடம், "இது நெல்லையோட முடியுதா, தாண்டிப் போகுதா?" என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்க வேண்டும். தாண்டிப் போகிற பஸ் என்றால், "நெல்லையில எறங்கணும்யா, கொஞ்சம் பாத்து எறக்கி விடுங்க" என்று அப்போதே சொல்லி வைக்கட்டும். வயதானவர் சொன்னால் கண்டக்டர் வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்குக் கூட்டம் அரை நிமிடம் கட்டுப்படும், அது போதும். ஓடுகிற பஸ்ஸில் எழுந்து வாசலுக்கு நடந்து வருவது மட்டும் கூடாது, தள்ளுமுள்ளைவிட பிரேக்கில் விழுந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு முந்தின நிறுத்தத்தில் நிற்குமா என்பதையும் அப்படியே கேட்டு வைக்கலாம். அங்கே இறங்குகிறவர்கள்தான் அதிகம், ஏறுகிறவர் ஒன்றிரண்டு பேர். அங்கிருந்து ஹைகிரவுண்டுக்கு டவுன் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ கிடைக்கும். ஆட்டோவில் ஏறும் முன் எவ்வளவு என்று கேட்டுவிட்டு ஏறச் சொல்லுங்கள், அதில் நடக்கிறதைச் சொல்ல இன்னொரு வாரம் வேண்டும்.